எஸ்தருக்காக எழுதிய ஓலை

கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து கைமாறி, அவர்கள் கோயிலில் தமிழ் ஆராதனை நின்றுபோய், எனக்கும் வேலை இல்லாமல் போன பிறகு ஒரு நாள் இரண்டு உபதேசியார்கள் என்னைத் தேடி வந்தார்கள். சாவு விழுந்த வீடுகளுக்கு அனுப்புவதற்காக ஒவ்வொரு வரியாக வசனங்களை எழுதி வைத்திருந்தார்கள். தகப்பன் செத்தால் இது, பிள்ளை செத்தால் இது, புருஷன் செத்தால் இது. நான் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்றார்கள். வாங்கிப் பார்த்தேன். வசனங்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எதிலும் அதைச் சொன்னது யார், எப்போது, யாரைப் பார்த்துச் சொன்னார் என்று இல்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அவர்களிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பழவேற்காட்டுக் கோட்டையில் 'நோயாளிகளைத் தேற்றுகிறவர்' என்று ஓர் உத்தியோகம் இருந்தது. அவர் குருவானவர் அல்ல. சொந்தமாகப் பிரசங்கம் பண்ண அவருக்கு உத்தரவு இல்லை. மேலிடம் ஒப்புக்கொண்ட பிரசங்கத்தை வாசிக்கலாம், சுரத்தில் கிடப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்லலாம், துக்க வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். ஊரில் அவரைத் 'தேத்தரவு ஐயா' என்பார்கள். அவருக்குத் தமிழ் எழுத்துக்காரனாக நான் இருந்தேன். தரங்கம்பாடியில் அச்சடித்த தமிழ் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், எழுத்தாணி பிடிக்கத் தெரியும், கோட்டையில் எல்லோரும் பேசுகிற போர்த்துகீசு கொஞ்சம் தெரியும். அவ்வளவுதான் என் படிப்பு. என் காலத்தில் மூன்று ஐயாக்கள் வந்துபோனார்கள். நான் சொல்லப்போவது கடைசியாக இருந்த வில்லெம் ஐயாவைப் பற்றி.

வில்லெம் ஐயா ஒல்லியான மனிதர். எந்நேரமும் இருமல். தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர், அதனால் கடைத்தெருவில் தயிர் வாங்கும்போதுகூட வேதாகமம் வாசிப்பதுபோல் பேசுவார். இரண்டு பிள்ளைகளைக் கோட்டைக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்தில் புதைத்தவர். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நான் எழுதிக் காட்டும் கடிதத்தில் 'எல்லாம் தேவ சித்தம்' என்று இருந்தால் அந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கிழிப்பார். மை படாது, கோடு மட்டும் விழும். அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

துக்கக் கடிதத்துக்கு அவர் வைத்திருந்த முறை இது. கடிதம் ஓர் ஓலைக்குள் அடங்க வேண்டும். அழுகிறவன் இரண்டாவது ஓலையைப் புரட்ட மாட்டான். முதல் வரியில் செத்தவர் பெயர் வர வேண்டும். 'உமது இழப்பு' என்று மூடி எழுதக் கூடாது. ஏன் இப்படி நடந்தது என்று விளக்கம் கூடாது. ஒரே ஒரு வசனம். அந்த வசனத்தை யார் சொன்னார், எந்த நிலைமையில் சொன்னார் என்று இரண்டு மூன்று வரி. அந்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் எந்த இடத்தில் ஒற்றுமை என்று ஒரு வரி. அழாதே, ஜெபம் பண்ணு, கோயிலுக்கு வா என்று எந்தக் கட்டளையும் கிடையாது. முடிவில் நாம் செய்யப்போகிற ஒரு காரியம்.

"வசனத்தைப் பிடுங்கி எடுக்காதே. வேரோடு எடு," என்பார். "மண் ஒட்டியிருக்கட்டும்."

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அவன் இந்த அதிகாரம் முழுவதையும் படித்தால் என்ன ஆகும்?"

யாக்கோபு என் சிநேகிதன். முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டுக் குப்பத்தில் இருந்தான். ஏரி கடலில் கலக்கும் வாய் அது. வருஷா வருஷம் இடம் மாறும், அடியில் மணல் மேடு தட்டும். பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சரக்கு ஏற்றிவரும் படகுகளுக்கு யாக்கோபுதான் தண்டல், படகோட்டிகளின் தலைவன். எந்த அலையை விட்டுவிட்டு எந்த அலையோடு உள்ளே நுழைய வேண்டும் என்று அவன் கண் சொல்லும். கரையிலிருந்து அவன் துணியை வீசிக் காட்டினால் எந்தப் படகும் யோசிக்காமல் உள்ளே வரும்.

அவனுக்கும் மார்த்தாளுக்கும் ஒரே பெண், எஸ்தர். வடக்கே ஒரு கடற்கரைக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வாடைக் காற்று ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த சமயத்தில் தாய்வீட்டுக்குப் புருஷனோடு படகில் வந்தாள். முகத்துவாரத்துக்கு வெளியே படகு நின்றது. யாக்கோபு கரையில் நின்று கடலைப் பார்த்தான். அலை அடங்கியிருந்தது. தலைத்துண்டை அவிழ்த்து வீசினான். படகு மணல் மேட்டுக்கு வந்தபோது பின்னாலிருந்து ஓர் அலை எழும்பியது. படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. துடுப்புப் போட்டவர்கள் நீந்திக் கரையேறினார்கள். புருஷன்காரனையும் இழுத்துப் போட்டார்கள். எஸ்தர் கிடைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

நான் போனேன். யாக்கோபு என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கடல் பக்கம் பார்த்தான். மார்த்தாள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் தண்ணீரே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா அவரோட பேசறதில்ல. இவரு விடிஞ்சா கரையோரமா வடக்கால நடக்கறாரு. ஏதாச்சும் ஒதுங்கியிருக்கானு பாத்துட்டு வர்றாரு. சோறு எறங்கல. இப்பிடியே போனா இவரும் தண்ணிக்குள்ள நடந்துடுவாருனு பயமா இருக்கு."

திரும்பி வந்து வில்லெம் ஐயாவிடம் சொன்னேன். "எழுது," என்றார்.

முதலில் தாவீது ராஜாவின் வசனத்தை எழுதினேன். பிள்ளை செத்தபோது அவர் சொன்னது: நான் அதனிடத்துக்குப் போவேன், அது என்னிடத்துக்குத் திரும்பி வராது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எல்லோரும் எழுதுகிற வசனம். நானும் பலமுறை எழுதியிருக்கிறேன்.

ஐயா படித்துவிட்டு நிமிர்ந்தார். "தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு 'நான் போவேன்' என்று எழுதுகிறாயா?"

"அந்த அர்த்தம் இல்லையே ஐயா. பிள்ளை செத்த பிறகு தாவீது எழுந்து குளித்துச் சாப்பிட்டார், பெண்சாதியைத் தேற்றினார். அதையும் சேர்த்து எழுதுகிறேன்."

"அதற்கு முன்னால் என்ன இருக்கிறது?"

முன்னால் இருப்பது எனக்குத் தெரியும். தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்ல வைத்தார். அந்தப் பாவத்துக்காகப் பிள்ளை சாகும் என்று தீர்க்கதரிசி வந்து சொன்னார். தகப்பன் செய்ததற்குப் பிள்ளை செத்தது. துண்டை வீசிய கை யாக்கோபின் கை.

"அவன் அதிகாரம் முழுவதும் படித்தால்?" என்றார் ஐயா.

அதைக் கிழித்துப் போட்டேன். அடுத்து எரேமியாவில் ராகேல் அழுகிற இடத்தை எடுத்தேன். பிள்ளைகள் இல்லாமல் போனதால் அவள் ஆறுதல் அடைய மனமில்லாமல் அழுகிறாள். மார்த்தாளுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைத்தேன். ஐயா அடுத்த இரண்டு வசனத்தின்மேல் விரலை வைத்தார். அழாதே, உன் பிள்ளைகள் சத்துருவின் தேசத்திலிருந்து திரும்பி வருவார்கள் என்று இருந்தது. அது சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்குச் சொன்னது. அவர்கள் திரும்பி வந்தார்கள். உடம்பு ஒதுங்குமா என்று கரையோரம் நடக்கிறவனுக்கு அதை அனுப்பினால் இன்னும் நடப்பான்.

யோபுவை ஐயாவே எடுத்தார். யோபுவின் பிள்ளைகள் வீடு இடிந்து செத்தார்கள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் நிறுத்தினார். "இதில் மிக அழகான வரிகளை எல்லாம் அவனுடைய சிநேகிதர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் கர்த்தர், நீங்கள் பேசினது சரியில்லை என்று அவர்கள்மேல் கோபப்படுகிறார். அதை எடுத்து அனுப்புகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. இன்னொன்று, யோபுவுக்குத் திரும்பவும் பிள்ளைகள் பிறந்தார்கள். மார்த்தாளுக்கு என்ன வயது?"

"அந்த வயசு தாண்டிவிட்டது ஐயா."

புத்தகத்தை மூடினார். வெகுநேரம் இருமினார். பிறகு புலம்பல் என்றார். மூன்றாம் அதிகாரம். நாம் அழிந்துபோகாமல் இருப்பது கர்த்தருடைய கிருபை. அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவை காலைதோறும் புதியவை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கல்யாண வீட்டிலும் சொல்லுகிற வசனம் அது.

"இதைச் சொல்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், பார்," என்றார் ஐயா. "எருசலேம் எரிந்து கிடக்கிறது. முந்தின அதிகாரத்தில் குழந்தைகள் தாயிடம் தானியம் எங்கே என்று கேட்டு மடியிலேயே உயிர் விடுகின்றன. இந்த அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது? சிறுமையைக் கண்ட மனுஷன் நான்தான். கூப்பிட்டேன், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிறான். என் பல்லைப் பருக்கைக்கல்லால் நொறுக்கினார் என்கிறான். எபிரேய எழுத்துகளின் வரிசையில் எழுதியிருக்கிறது இந்தப் புலம்பல். இந்த அதிகாரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வசனம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் அழுகிறான். இந்த வசனம் நடுவில் வருகிறது. இதற்குப் பிறகும் அவன் கண்ணீர் நிற்கவில்லை."

அதிகாரத்தை முழுவதுமாக வாசித்தேன். முடிகிற பக்கத்தில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் என் தலையின்மேல் புரண்டது, நாசமானேன் என்றேன் என்று இருந்தது.

"ஐயா, இது வேண்டாம். இதை அவன் படித்தால்…"

"படிப்பான். இது உண்மைத் தண்ணீர் அல்ல, குழியில் போட்டுக் கல்லெறியப்பட்டவனுடைய பேச்சு. ஆனாலும் அவனுக்கு வலிக்கும். கோபப்பட்டால் உன்மேல் கோபப்படட்டும். ஆனால் இதில் அவனைக் குற்றவாளி ஆக்குகிற வரி உண்டா? பொய்யான நம்பிக்கை கொடுக்கிற வரி உண்டா?"

இந்த மனுஷனும் தன் ஜனங்களின் பாவத்தைச் சொல்லித்தான் அழுகிறான் என்றேன்.

"நாங்கள் என்று சொல்கிறான். நீ என்று யாரையும் சுட்டவில்லை. எல்லோரோடும் சேர்ந்து தானும் நிற்கிறான்," என்றார். "இதைவிட நல்லது என்னிடம் இல்லை, தேவசகாயம். எனக்கும் இதைவிட நல்லது கிடைக்கவில்லை."

தன்னைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

ஓலையின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதினேன்:

'யாக்கோபுக்கும் மார்த்தாளுக்கும் தேவசகாயம் எழுதுவது. எஸ்தர் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாம் அழிந்துபோகாமல் இருப்பது கர்த்தருடைய கிருபை, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவை காலைதோறும் புதியவை என்று புலம்பலில் இருக்கிறது. இதைச் சொன்னவன் சுகமாக இருந்தபோது சொல்லவில்லை. அவன் ஊர் எரிந்து, பிள்ளைகள் தெருவில் செத்துக் கிடந்தபோது, மிச்சமானவர்களில் ஒருவனாக உட்கார்ந்து சொன்னான். சொல்வதற்கு முன்னால், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்று கர்த்தர்மேலேயே முறையிட்டான். சொன்ன பிறகும் அழுதான். அழாதே என்று அவனை யாரும் அதட்டவில்லை. இந்த வசனம் இன்றைக்கு உங்களுக்குப் பொய்யாகத் தெரிந்தால் தெரியட்டும். உங்களைப் போல் உட்கார்ந்திருந்த ஒருவன் சொன்னது என்பதற்காக மட்டும் இதை அனுப்புகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சோறு எடுத்துக்கொண்டு வருகிறேன்.'

எழுதியதை வாசித்துக் காட்டி, ஓலையை ஐயா கையில் கொடுத்தேன். நகத்தால் எங்கேயும் கீறவில்லை. அன்றைக்கே குப்பத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என் மனைவி கட்டிக்கொடுத்த சோற்றோடு ஓடத்தில் போனேன். யாக்கோபு வாசலில் மணலில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. ஓலை அவன் இடுப்பில் செருகியிருந்தது. மார்த்தாள் உள்ளே, வாசலுக்குப் பக்கமாக, சுவரில் சாய்ந்து இருந்தாள்.

"வந்துட்டியா," என்றான். "நாம அழியலயாம். எழுதியிருக்க. அவ அழிஞ்சுட்டாளே, சகாயம். அதுக்கு இன்னா சொல்றான் உன் ஆளு?"

"அவன் சொல்லும்போதும் சுத்திலும் செத்துப்போனவங்கதான் இருந்தாங்க. 'நாம'னு அவன் சொன்னது மிச்சம் இருந்தவங்கள."

"மிச்சம் இருக்கறது கிருபையா?"

"அவனுக்கு அப்பிடித் தோணியிருக்கு. நானா இருந்தா சொல்லியிருப்பேனானு தெரியல," என்றேன்.

அவன் ஓலையை எடுத்துப் பார்த்தான். "வழிய அடைச்சுட்டாருனு இருக்கே, அது மட்டும் நெசம். அத்த எழுதினதுக்காகத்தான் இதைக் கிழிக்காம வெச்சிருக்கேன். புஸ்தகத்தக் கொண்ணாந்திருக்கியா? முழுக்கப் படி. அவளுக்கும் கேக்கட்டும்."

படித்தேன். கடல் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் படிக்க வேண்டியிருந்தது. பருக்கைக்கல்லும், அடைத்துப்போட்ட வழியும், காலைதோறும் புதிய இரக்கமும், அதற்கப்புறம் திரும்பவும் அழுகையும். தண்ணீர் வசனம் நெருங்கியதும் நிறுத்தினேன்.

"இன்னா, முடிஞ்சுதா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம்தான். இன்னொரு நாள் படிக்கிறேன்."

"தாண்டிப் போகாதே. படி."

படித்தேன். தண்ணீர் என் தலையின்மேல் புரண்டது, நாசமானேன் என்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மார்த்தாள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடமுடியாமல் இருந்தாள். நான் புத்தகத்தை மூடப் போனேன். யாக்கோபு என் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கடுத்து இருந்ததையும் படித்தேன். ஆழமான குழியிலிருந்து உம்முடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட நாளில் நீர் கிட்ட வந்து, பயப்படாதே என்றீர்.

மார்த்தாள் தவழ்ந்து வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா," என்றாள் என்னைப் பார்த்து. "அவகிட்டயும் வந்தாரா?"

நான் புத்தகத்தில் அந்த வரியையே திரும்பப் பார்த்தேன்.

"எம் பொண்ணு கூப்ட்டிருப்பாளே. கிட்ட வந்தாரா? யாராச்சும் அவளப் பயப்படாதேனு சொன்னாங்களா? படிச்சவருதானே நீங்க, சொல்லுங்கண்ணா."

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அது ஐயா நகத்தால் கீறுகிற வரியாகத்தான் இருந்திருக்கும்.

அப்போது யாக்கோபு பேசினான். அவளைப் பார்க்காமல், மணலைப் பார்த்துப் பேசினான்.

"நான் சொன்னேன்."

மார்த்தாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"படகு கவுந்ததும் அவ தல ஒருவாட்டி மேல வந்துது. நான் கழுத்து மட்டும் தண்ணில எறங்கிட்டேன். கத்தினேன். பயப்படாதேம்மா, நைனா வந்துட்டேன்னு கத்தினேன். அவ திரும்பிப் பாத்தா."

"உன்னப் பாத்தாளா?"

"பாத்தா. அடுத்த அலை எனக்கும் மேல வந்துது. அப்பறம் அவ இல்ல. வந்துட்டேன்னு சொன்னேன் மார்த்தா. போக முடியல."

அவள் அவன் தோளில் அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அவன் வாங்கிக்கொண்டான். பிறகு அவள் கை ஓய்ந்து அவன்மேலேயே கிடந்தது. அந்த அதிகாரத்தில் மிச்சம் இருந்தவை எதிரிகளைத் தண்டியும் என்று கர்த்தரிடம் கேட்கிற வசனங்கள். அங்கே எதிரி என்று யாரும் இல்லை. புத்தகத்தைத் துணியில் சுற்றினேன். சோற்றை வாசல்படியில் வைத்துவிட்டு ஓடத்துக்கு நடந்தேன்.

நடந்ததை ஐயாவிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். "தேற்றப்பட்டார்களா?" என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த மழைக்காலத்தில் சுரத்தில் செத்துப்போனார். அவர் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் புதைத்தோம். துக்கக் கடிதம் எழுதி அனுப்ப அவருக்கென்று ஒருவரும் இருக்கவில்லை.

யாக்கோபு அதற்குப் பிறகு சுக்கான் பிடிக்கவில்லை. கடல் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்று மார்த்தாள் சொன்னதால் இரண்டு பேரும் ஏரிக்கு மேற்கே, ஆரம்பாக்கத்துப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்தவன் களை பிடுங்கக் கற்றுக்கொண்டான். ஒருமுறை அங்கே போயிருந்தேன். யாக்கோபு தூரத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். மார்த்தாள் நாற்றுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். கை நிறையச் சேறு.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு அவரு சொன்னாரே. அவ திரும்பிப் பாத்தானு. அது நெசமா நடந்துதா? இல்ல எனக்காகச் சொன்னாரா?"

"நான் அங்க இல்லையேம்மா."

"துடுப்புப் போட்டவங்களக் கேட்டேன். சத்தத்துல ஒண்ணும் கேக்கலனு சொல்றாங்க. மாப்ளையும் பாக்கலனு சொல்லிட்டான்."

"அவனையே கேட்டுப் பாத்தியா?"

அவள் யாக்கோபு இருந்த பக்கம் பார்த்தாள். அவன் எங்களைக் கவனிக்காமல் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான்.

"கேக்க மாட்டேன்," என்றாள். "இல்லனு சொல்லிட்டாருனா?"

நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள்.